யூஏடி-க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மீனாட்சி:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் புதிய கொள்முதல் பில் மென்பொருள் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தப்போகும் ஆறு பேரையே உட்காரவைத்து, இது தங்கள் வேலைக்கு ஆகுமா என்று ஓட்டிப் பார்க்கவைக்கும் யூஏடி செய்ய வேண்டும். யாரும் டெஸ்டர் கிடையாது. பில் பதிவது, டிடிஎஸ் பிடிப்பது, பேமெண்ட் போடுவது, இதுதான் அவர்கள் வேலை.

அவர்களுக்காக ஒரு பக்கத்தில் தமிழ்க் குறிப்பு எழுதி, ‘பயனர் ஏற்புச் சோதனை’ என்று தலைப்புப் போட்டேன். மூத்த கணக்காளர் படித்துவிட்டு, “பயனர்னா நாங்கதானே? எங்களுக்கா சோதனை? மார்க் எல்லாம் உண்டா?” என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. வேறு நல்ல சொல் இருக்கிறதா? கடைசியில் மேலாளர் போடும் ‘சைன்-ஆஃப்’ கையெழுத்துக்கும் ஒரு சொல் வேண்டும்.

குமரேசன்:

இதற்குப் புதிதாக ஏன் ஆக்க வேண்டும்? ‘வெள்ளோட்டம்’ இருக்கிறதே! புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் வெள்ளோட்டம் விடுகிறோம். எல்லாருக்கும் தெரிந்த சொல், யாரும் மார்க்கைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

செல்வம்:

குமரேசன் ஐயா, அழகான சொல்தான், ஆனால் மென்பொருள் ஆட்கள் அதைப் பைலட்டுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். பைலட்டில் ஓடுவது உண்மை பில், போவது உண்மைப் பணம். ஒரே ஒரு யூனிட்டில் மட்டும் ஓடும், அவ்வளவுதான். யூஏடி அதற்கு முந்தைய கட்டம். தனி சர்வரில், பழைய பில்களின் நகலை வைத்து, ‘இதை வைத்து எங்கள் வேலை நடக்குமா’ என்று பார்ப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் யாராவது ஒருவர் நிஜமாகவே பேமெண்ட் போட்டுவிடுவார்.

மீனாட்சி, தலைப்பை விடப் பெரிய சிக்கல் ஒன்று வரப்போகிறது. வணிகப் பிரிவு ஆட்கள் திரையில் ஏதாவது தப்பாக வந்தால், “நான்தான் எதையோ மாத்தி அழுத்திட்டேன் போல” என்று சொல்லிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து போடுவார்கள். இரண்டாம் முறை சரியாக வந்தால் முதல்முறை நடந்ததை எழுதவே மாட்டார்கள். நிறைய குறைகள் இப்படித்தான் காணாமல் போகின்றன. அதனால் முதல் நாள் பேசும்போது, “தப்பா அழுத்தினாலும் எழுதுங்க, நீங்க தப்பா அழுத்துற மாதிரி திரை இருந்தா அதுவும் குறைதான்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மென்பொருளை எழுதியவர் அந்த அறையில் உட்காரக் கூடாது. அவர் இருந்தால் உடனே மவுஸை வாங்கி, “இங்க அழுத்தணும்க்கா” என்று செய்து காட்டிவிடுவார். அப்புறம் அது பயிற்சி வகுப்பு ஆகிவிடும்.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 20-இல் 3பி. 21-க்கு மேல் மாதக் கடைசி நெருக்கடி தொடங்குவதற்குள் வைத்தால்தான் உங்கள் ஆறு பேரும் மனத்தோடு உட்காருவார்கள். அதுவும் காலை நேரம் மட்டும். முழு நாள் கேட்டால் மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள்.

பாலா:

நான் டெஸ்டர். ‘ஏற்புச் சோதனை’யில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சோதனை என்றால் சோதனைதான், எதற்குப் பூசி மெழுக வேண்டும்?

இன்னொன்று. புதிதாக எதையும் எழுத வேண்டாம். க்யூஏ டீமிடம் ஏற்கெனவே ஸ்கிரிப்ட் இருக்கும். என்ன அழுத்த வேண்டும், என்ன வர வேண்டும் என்று படிப்படியாக அதில் இருக்கும். அதையே கொடுத்தால் டெஸ்டர் இல்லாதவர்கள்கூடத் தடுமாறாமல் செய்வார்கள்.

செல்வம்:

பாலா, தடுமாற மாட்டார்கள் என்பது சரி. ஆனால் ஸ்கிரிப்டில் எழுதியது மட்டும்தான் கண்ணில் படும். அது உங்கள் டீம் ஏற்கெனவே பார்த்ததுதானே?

நான் இருந்த ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இயந்திரப் பழுது பார்த்த ஒப்பந்தக்காரரின் பில், தனிநபர். கூலி 1,00,000 ரூபாய், ஜிஎஸ்டி 18% சேர்த்து 1,18,000. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருப்பதால் டிடிஎஸ் 1% கூலிக்கு மட்டும்தான், அதாவது 1,000 ரூபாய். அவருக்குப் போக வேண்டியது 1,17,000. மென்பொருளோ மொத்தத் தொகைக்கும் 1% பிடித்து, 1,180 கழித்து 1,16,820 காட்டியது. ஸ்கிரிப்டில் ‘டிடிஎஸ் கழிக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்க்கவும்’ என்று இருந்தது. கழிக்கப்பட்டிருந்தது. ஒருவர் ‘பாஸ்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்து மேசையில் இருந்தவரிடம் ஸ்கிரிப்ட் இல்லை. போன மாதம் அவரே முடித்த பில்களின் கட்டைக் கொடுத்து, “இதையெல்லாம் புதுசுல போடுங்க, அன்னைக்குப் போன தொகையும் இன்னைக்கு வர்ற தொகையும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க” என்று மட்டும் சொல்லியிருந்தோம். மூன்றாவது பில்லிலேயே, “180 ரூபா இடிக்குதே” என்றார்.

அதிலிருந்து நான் கொடுப்பது ஒரே வரியில் எழுதிய சூழலும் பழைய பில்லும்தான். ‘டையிங் யூனிட் பில் வந்திருக்கிறது, போன வாரம் கொடுத்த முன்பணத்தைக் கழித்துப் பேமெண்ட் வரை கொண்டுபோங்கள்’, இந்த அளவில். எந்த பட்டன் என்று எழுதுவதில்லை. வர வேண்டிய தொகையை அவர்களே பழைய வவுச்சரைப் பார்த்துப் பென்சிலில் முதலில் எழுதிவிட வேண்டும், அதன் பிறகுதான் திரையைத் திறக்க வேண்டும். திரையைப் பார்த்த பிறகு எழுதச் சொன்னால் திரையில் இருப்பதையே எழுதுவார்கள்.

ஜெசிந்தா, கொழும்பு:

வணக்கம். சொல்லுக்கு வர முதல் என்னுடைய அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விநியோக நிறுவனத்தில் நாங்கள் இப்படித்தான் உண்மைத் தரவின் நகலை வைத்துச் செய்தோம். முதல் நாள் மத்தியானம் வழங்குநர் ஒருவர் தொலைபேசி எடுத்து, “காசு போட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கு, வங்கியிலே காணேல்லை” என்றார். சோதனைச் சர்வர் பழைய முகவரிகளுக்கு உண்மையாகவே பேமெண்ட் அறிவித்தல் அனுப்பிக்கொண்டிருந்தது! தரவை நகலெடுக்கும்போதே எல்லா மின்னஞ்சல் முகவரியையும் கைபேசி இலக்கத்தையும் நமது முகவரிக்கு மாற்றிவிட வேண்டும். வங்கிக் கணக்கு இலக்கங்களையும்தான். மீனாட்சி, இது உங்களுடைய தரவில் நடந்தாயிற்றா?

‘பரீட்சார்த்தம்’ என்று வைக்கலாமா? இங்கே அது பழக்கமான சொல்.

மீனாட்சி:

ஜெசிந்தா அக்கா, நடக்கவில்லை! இன்றைக்கே மாற்றச் சொல்லிவிட்டேன், நன்றி. ஆனால் ‘பரீட்சார்த்தம்’ என்றால் எங்கள் கணக்காளர் பரீட்சை என்றே படிப்பார், மறுபடியும் மார்க்கில் வந்து நிற்போம்.

‘ஏற்பு ஒத்திகை’ என்று ஒன்று தோன்றியது. பயமுறுத்தாது.

செல்வம்:

ஒத்திகையில் நடிகர்தான் கதைக்கு ஏற்பத் திருந்த வேண்டும், கதை மாறாது. இங்கே மாற வேண்டியது மென்பொருள். ஒத்திகை என்று சொன்னால் மறுபடியும் “எனக்குத்தான் இன்னும் பழகலை” என்பார்கள். எனக்கு ‘மென்பொருள் ஏற்புச் சோதனை’ போதும். சோதிக்கப்படுவது எது என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

பாலா:

அதில் வேறு சிக்கல் இருக்கிறது. ஏற்புச் சோதனை பயனர் மட்டும் செய்வதில்லை. பேக்கப் எடுத்து மீட்க முடிகிறதா என்று சர்வர் ஆட்கள் செய்வதும் ஏற்புச் சோதனைதான். ‘பயனர்’ போய்விட்டால் இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

பழைய பில் விஷயத்தில் செல்வம் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், பாதி மட்டும். போன மாதத்துக் கட்டில் வராதது வரவே வராது. மாத நடுவில் ஒரு வழங்குநரின் பான் விவரம் மாறினால் என்ன ஆகும்? அதற்கு எங்கள் ஸ்கிரிப்ட்தான் வேண்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். ஸ்கிரிப்ட் இல்லாமல் விட்டால், அவர்கள் நிஜமாகவே செய்தார்களா, எல்லாவற்றிலும் ‘சரி’ போட்டுவிட்டுப் போனார்களா என்று எப்படித் தெரியும்?

செல்வம்:

பான் விஷயம் நியாயம். அந்த மாதிரி சிலவற்றைக் கட்டில் நாமே செருக வேண்டும்.

போலிச் ‘சரி’யைக் கண்டுபிடிப்பது சுலபம். தாளைப் பார்க்காதீர்கள், மென்பொருளில் பதிவான நேரத்தைப் பாருங்கள். ஒரு காலைப்பொழுதின் வேலை முழுவதும் பன்னிரண்டரை மணிக்கு மேல் பத்து நிமிடத்தில் பதிவாகியிருந்தால் கதை தெரிந்துவிடும். ஒரு குறைகூட எழுதாதவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெரும்பாலும் அவர் எக்செலில் கணக்குப் போட்டு, விடையை மட்டும் திரையில் அடித்துக்கொண்டிருப்பார். அதுவே பெரிய குறை. யார் லாகினில் செய்தார்கள் என்றும் பாருங்கள். அட்மின் லாகினைக் கொடுத்து எல்லாரும் செய்தால், பில் பதிந்தவரே அதற்கு ஒப்புதலும் கொடுக்க முடிகிறதா என்பது நேரடியாக ஓடும் நாள் வரை தெரியாது.

மீனாட்சி:

நேற்று முதல் சுற்று முடிந்தது. தலைப்பு இல்லாமலே குறிப்பைக் கொடுத்துவிட்டேன். அதில் வந்த ஒரு சிக்கலை இங்கே வைக்கிறேன். டையிங்கில் நிறம் மாறி வந்த துணியைத் திருப்பி அனுப்பி, அந்த அளவுக்கு டெபிட் நோட் போட்டு, மீதியை மட்டும் கொடுப்பது இங்கே வாராவாரம் நடக்கும் வேலை. மென்பொருளில் டெபிட் நோட் இருக்கிறது, ஆனால் பில் தொகையை முழுசாகக் கொடுத்து முடித்த பிறகுதான் போட முடிகிறது. செய்து கொடுத்தவர்கள் “தேவை ஆவணத்தில் இது இல்லை, குறை கிடையாது, புதுக் கோரிக்கை” என்கிறார்கள். கணக்குப் பிரிவு “இது இல்லாம எப்படி ஓட்டுறது?” என்கிறது.

செல்வம்:

குறையா கோரிக்கையா என்பது யார் காசு கொடுப்பது என்ற சண்டை. அதை ஒப்பந்தத்தை வைத்துத் தனியாகப் பேசட்டும். உங்கள் பட்டியலில் ‘இது இல்லாமல் முதல் வாரத்தை ஓட்ட முடியுமா’ என்ற ஒரு கேள்வி போதும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் கணக்கு மேலாளர், நீங்களோ மென்பொருள் ஆட்களோ அல்ல. முடியாது என்று அவர் சொன்னால் கையெழுத்து நிற்கும். முடியும் என்றால், அதுவரை கையால் எப்படிச் செய்வது, யார் செய்வது, எந்தத் தேதி வரை என்று மூன்றையும் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

திருத்தி வந்தால் அந்த ஒரு பில்லை மட்டும் மறுபடி ஓட்டி விடாதீர்கள். நான் சொன்ன 1% திருத்தம் வந்தபோது, நிறுவன ஒப்பந்தக்காரர்களுக்கு 2% பிடிப்பது கெட்டுப்போயிருந்தது.

குமரேசன்:

சைன்-ஆஃபுக்கு ‘ஏற்பொப்பம்’ என்று வைக்கலாம். ஏற்பு, ஒப்பம் இரண்டும் பழகிய சொற்கள், புணர்ச்சியும் உறுத்தாது. ‘ஒப்புதல்’ வேண்டாம். ஒவ்வொரு பில்லுக்கும் கொடுப்பதை உங்கள் திரையிலேயே ஒப்புதல் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

பாலா:

ஏற்பொப்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குறைகள் மிச்சம் இருக்கும்போதே போடும் கையெழுத்துக்கு என்ன பெயர்? பெரும்பாலும் அதுதானே நடக்கிறது?

குமரேசன்:

நிபந்தனை ஏற்பொப்பம்.

மீனாட்சி:

படிவத்தை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: “மேலே குறித்த பதிப்பில், இணைத்துள்ள பட்டியலில் ‘ஓட்டியது’ என்று குறித்த வேலைகளை எங்கள் பிரிவினர் செய்து பார்த்தனர். ‘ஓட்டாதது’ என்று குறித்தவற்றுக்கு இந்த ஏற்பொப்பம் பொருந்தாது. மிச்சமுள்ள குறைகளும், அவை தீரும் வரை கையால் செய்யும் முறையும் பின்பக்கத்தில் உள்ளன.” டெபிட் நோட் பின்பக்கத்தில் முதல் வரி. மேலாளர் அதைத் தாங்கலாம் என்கிறார், பில் பதிபவர் முடியாது என்கிறார். இருவரையும் நாளை உட்காரவைக்கிறேன்.

தலைப்பு இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ‘பயனர்’ போய்விட்டால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று பாலா கேட்டதற்கு யாராவது விடை சொன்னால் நிரப்பிவிடுவேன்.