0.7 வோல்ட்டுக்கு முன்னால் ஒன்றுமே ஓடாதா?

கரண்ட்கம்பி
"சிலிக்கான் டையோடில் 0.7 வோல்ட் வரை மின்னோட்டம் சுழியம். 0.7 வந்ததும் மின்னழுத்த அரண் உடைந்து டையோடு திறக்கும்." (நேற்று இங்கே பகிரப்பட்ட குறைகடத்தி ஸ்லைடு, பக்கம் 14)

சுழியமாம்! யார் அளந்து பார்த்தது? கூடவே ஒரு வளைகோடு. முழங்கால் மாதிரி மடிந்து நிற்கிறது. அச்சில் பெயருக்குக்கூட ஒரு எண் இல்லை.

ஸ்லைடுவாத்தியார்
ஸ்லைடு என்னுடையதுதான். 22 வருடமாக இதைத்தான் நடத்துகிறேன். சிலிக்கானுக்கு 0.7, ஜெர்மானியத்துக்கு 0.3. பரீட்சையில் இதை எழுதினால்தான் மார்க். தம்பி எந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார்?

கரண்ட்கம்பி
எங்கும் எடுக்கவில்லை சார், பெஞ்சில் உட்கார்ந்து அளக்கிறேன். 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு 1N4148, தொடரில் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். 1 கிலோ ஓம் போட்டால் டையோடின் குறுக்கே 0.58 வோல்ட். 10 கிலோ போட்டால் 0.48. 100 கிலோவுக்கு 0.38. 1 மெகா ஓமுக்கு 0.28. மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறையக் குறைய, வோல்டேஜ் 0.1 மட்டும் இறங்குகிறது. கடைசி வரிசையில் ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல். உங்கள் 0.7 இதில் எங்கே வருகிறது?

ஸ்லைடுவாத்தியார்
மைக்ரோ ஆம்பியரை எல்லாம் நான் மின்னோட்டம் என்று சொல்லமாட்டேன். 0.7 என்றால் 0.7.

யாழ்_இருவாயி
முதலில் அது டையோடு இல்லை, இருவாயி. எங்கள் பாடநூலில் அப்படித்தான் படித்தோம். தமிழில் ஸ்லைடு போடுகிறவர்கள் இதைக் கவனிக்கக் கூடாதா?

ஸ்லைடுவாத்தியார்
இங்கே இருவாயி என்றால் இரட்டை நாக்குக்காரன் என்று நினைப்பார்கள். ஆளை விடுங்கள்.

சோலார்குமரன்
சரியான நேரத்தில் வந்தேன். என் சோலார் பேனலோடு தொடரில் 1N4007 போட்டிருக்கிறேன், தொட முடியாத சூடு. அப்படியானால் 0.7 தாண்டியதால்தான் சூடா?

கரண்ட்கம்பி
குமரன் அண்ணே, அது வேறு சங்கதி. ஒரு ஆம்பியர் ஓடினால் 1N4007இல் 0.9 வோல்ட்டுக்கு மேலேகூட நிற்கும். கிட்டத்தட்ட ஒரு வாட் வெப்பம் அந்தச் சின்ன உடம்பில். குறைந்த வோல்டேஜிலேயே ஓடவிடும் ஷாட்கி டையோடு மாற்றுங்கள். வாத்தியார் சார் கவனிக்கட்டும்: உங்கள் 1N4007இலும் 0.7 இல்லை!

அந்த முழங்கால் டையோடில் இல்லை, வரைபடத்தில்தான் இருக்கிறது. நிலைக்குத்து அச்சை ஆம்பியரில் போட்டால் வலப்பக்கம் தள்ளிப்போகும், நானோ ஆம்பியரில் போட்டால் இடப்பக்கம் வந்துவிடும். உங்கள் படத்தில் வலப்பக்கம் மில்லி, இடப்பக்கம் மைக்ரோ என்று ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. எண் போட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

லேப்_மீனா
சார் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பவர் சப்ளை வடிவமைக்கும்போது நாங்களும் 0.7 கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறோம். அரண் உடைகிறது என்பதுதான் எனக்கும் உறுத்துகிறது. பார்வர்டில் வோல்டேஜ் ஏற ஏற இயக்கமில்லாப் பகுதி ஒடுங்குகிறது, அரண் தாழ்கிறது. எந்த இடத்திலும் உடைவதில்லை. தாழ்ந்த அளவுக்கு அதிக எலக்ட்ரான்கள் ஏறித் தாண்டுகின்றன.

அப்புறம் ஒரு சந்தேகம். சும்மா கிடக்கும் 1N4148இன் இரு கால்களில் மீட்டரை வைத்தேன். உள்ளே அரண் இருக்கிறதே, 0.7 காட்டும் என்று பார்த்தால் சில மில்லிவோல்ட்தான். கண்ணாடி உடம்பை விரலால் மூடினேன், அதுவும் போய்விட்டது.

கரண்ட்கம்பி
விரலால் மூடியதும் போனது வெளிச்சத்தால் வந்த வோல்டேஜ், மேடம். அரணின் வோல்டேஜை மீட்டர் காட்டாது. காலின் உலோகம் சிலிக்கானைத் தொடும் இரு முனைகளிலும் உருவாகும் அழுத்தங்கள் அதை ஈடுகட்டிவிடும். இல்லாவிட்டால் டையோடை வைத்தே பல்பு எரிக்கலாம்! ஸ்லைடு 9இல் இயக்கமில்லாப் பகுதி 'வெற்றிடம்' என்று இருக்கிறதே, அதையும் பாருங்கள். நகரும் மின்சுமைகள்தான் அங்கே இல்லை, நிலையாக நிற்கும் அயனிகள் இருக்கின்றன. அவை இல்லாமல் அரண் எங்கிருந்து வரும்?

ஸ்லைடுவாத்தியார்
இப்போது ஸ்லைடு 9க்குத் தாவிவிட்டார். போன வருடம் டிரான்சிஸ்டர் இழையிலும் இதே வேலைதான் செய்தார், மறக்கவில்லை. 60 மில்லிவோல்ட்டுக்கு மின்னோட்டம் பத்து மடங்கு என்று சமன்பாடு சொல்கிறது, இவருக்கு மட்டும் 100 வருகிறதாம். மீட்டரை முதலில் சரிபாருங்கள்.

கரண்ட்கம்பி
60 என்பது இலட்சிய டையோடுக்கு. 1N4148இல் சிறிய மின்னோட்டத்தில் இயக்கமில்லாப் பகுதிக்குள்ளேயே எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து அழிகின்றன, அதனால் மின்னோட்டம் பத்து மடங்காக அதிக மில்லிவோல்ட் தேவைப்படுகிறது. மீட்டரில் கோளாறு இல்லை.

யாழ்_இருவாயி
இருவாயி பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஸ்லைடுவாத்தியார்
செவ்வாய்க்கிழமை வகுப்பு. ஸ்லைடு 14 அப்படியேதான் போகும். 0.7.

சோலார்குமரன்
ஷாட்கி எத்தனை ஆம்பியர் வாங்கட்டும்?