மேஷம்–துலாம்: ஈர்ப்பும் உரசலும் ஒரே இடத்திலிருந்து வருமா?

எனக்கு மேஷம், அஸ்வினி. அவருக்குத் துலாம், சுவாதி. ஜாதகம் பார்த்த இரண்டு பேரில் ஒருவர் சம சப்தமம், நல்ல ஈர்ப்பு இருக்கும் என்றார். இன்னொருவர் ஈர்ப்பு இருக்கும், ஆனால் சண்டையும் ஓயாது என்கிறார்.

ஈர்ப்பு புரிகிறது. ஒருவருக்கு மற்றவரின் ராசி ஏழாம் வீடு, அதாவது துணையின் வீடு, அதிபதிகளும் செவ்வாய், சுக்கிரன். உரசலுக்கு இரண்டாமவர் சொன்ன காரணம், சூரியன் மேஷத்தில் உச்சம், துலாமில் நீசம், சனிக்கு அப்படியே தலைகீழ். அதனால் ஒருவர் அவசரப்படுவார், மற்றவர் நிறுத்தி நிதானமாக எடைபோடுவார். சரி, அது எல்லா மேஷம்–துலாம் ஜோடிக்கும் பொதுதானே?

பொருத்த அட்டவணையை நானே எடுத்துப் பார்த்தேன். கணம் இருவருக்கும் தேவம், ரஜ்ஜு வேறு வேறு, தட்டவில்லை. யோனியில்தான் இடிக்கிறது: அஸ்வினிக்குக் குதிரை, சுவாதிக்கு எருமை, பகை யோனி. அவருக்குச் சித்திரையோ விசாகமோ என்றால் புலி, குதிரைக்கு அது பகையில்லை. (இதை இருவருமே சொல்லவில்லை!)

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: ராசி சம சப்தமமாக இருந்தால் பகை யோனியை விட்டுவிடலாமா, கூடாதா?