அம்மா வீட்டு விளக்கும் பக்கத்து வீட்டு விளக்கும்

வெள்ளவத்தையிலிருந்து:
சென்ற மாதம் ஒரே வாரத்தில் மூன்று இரவுகள் எங்கள் ஊர் ட்ரான்ஸ்போமரின் பியூஸ் எரிந்து போனது. அவிசாவளைக்கு அப்பால் இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஊர் அது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார். மூன்றாம் இரவு நானும் அங்கிருந்தேன். எட்டு மணியளவில் எங்கள் வீட்டுக் குண்டு பல்பு தணலைப் போலச் சிவந்து கிடந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு விளக்கோ வழக்கத்தைவிட வெளிச்சமாக எரிந்தது. சிறிது நேரத்தில் எங்கள் வீடு மட்டும் இருண்டது. ஒரே கம்பத்திலிருந்து வரும் இரண்டு வீடுகளில் இப்படி எப்படி நடக்கும் என்பது இன்னும் என் மனதை விட்டு அகலவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
எங்கள் மாமா வீட்டிலும் இதே கதைதான். ட்ரான்ஸ்போமர் சிறியது, வீடுகள் பெருகிவிட்டன, அவ்வளவுதான். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பியூஸையும் ஒரு அளவு கூட்டிப் போடச் சொல்லுங்கள். மாமா ஊரில் அப்படிச் செய்த பிறகு ஒரு வருடம் தொந்தரவு இருக்கவில்லை.

மட்டக்குளியிலிருந்து:
எங்கள் மாடி வீட்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. இதுவும் லோ வோல்டேஜ்தானா?

தெஹிவளையிலிருந்து:
மட்டக்குளி நண்பரே, உங்களுடையது பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டியில் உள்ள கசிவு; அதை ஒரு மின்வேலைக்காரரிடம் காட்டுங்கள்.

வெள்ளவத்தைத் தம்பி, நீங்கள் சொன்ன அந்த இரண்டு விளக்குகளே நோயைச் சொல்லிவிடுகின்றன. இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ட்ரான்ஸ்போமர் மட்டும் களைத்திருந்தால் எல்லா வீடுகளிலும் வெளிச்சம் சேர்ந்தே குறையும். ஒரு வீடு மங்கி, மற்றொன்று பிரகாசித்தால், கம்பத்தில் மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளில், அதாவது பேஸ்களில், ஒன்றில் சுமை குவிந்திருக்கிறது. நொதுமல் கம்பி வழியாகப் பெரும் மின்னோட்டம் திரும்புவதால், சுமை குறைந்த பேஸ்களில் வோல்டேஜ் ஏறுகிறது. நொதுமல் இணைப்பு தளர்ந்திருந்தாலும் இப்படித் தோன்றும் என்பதால் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது முற்றாக அறுந்தால் வீட்டுப் பொருட்கள் எரிந்துவிடும்.

பியூஸ் எப்போது போகிறது என்பதையும் கவனியுங்கள். கம்பிகள் உரசினால் நொடியில் போகும். மிகைச் சுமையால் போவது, இரவுச் சமையலும் தொலைக்காட்சியும் தொடங்கி ஒரு மணி நேரமளவில் போகும். இவை இரண்டும் இல்லையென்றால் பியூஸ் உட்காரும் பிடிகள் கருகித் தளர்ந்திருக்கலாம். அந்தச் சூட்டில் அளவான மின்னோட்டத்துக்கே பியூஸ் உருகிவிடும்.

கொட்டாஞ்சேனை ஐயா, ஸ்டெபிலைசர் உங்கள் வீட்டைக் காப்பாற்றும், ஊரைக் காப்பாற்றாது. 170 வோல்ட்டை 230 ஆக்க அது கம்பியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான மின்னோட்டத்தைக் கூடுதலாக இழுக்கும். பத்து வீட்டார் வாங்கினால் வரிசையின் கடைசி வீடு இன்னும் மங்கும். பெரிய பியூஸ் போட்டால் பியூஸுக்குப் பதிலாகக் கம்பியோ ட்ரான்ஸ்போமரின் சுருளோ எரியும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
மாமா ஊரில் எதுவும் எரியவில்லையே ஐயா. ட்ரான்ஸ்போமரில் டப்பை மாற்றி வோல்டேஜைக் கூட்டலாமே?

தெஹிவளையிலிருந்து:
கூட்டலாம். ஆனால் அது எல்லா வீடுகளுக்கும் சேர்த்துக் கூடும். சுமை இல்லாத நள்ளிரவில் ட்ரான்ஸ்போமருக்கு அருகிலுள்ள வீடுகளில் 244 வோல்ட் என்ற மேல் எல்லை தாண்டப்படலாம். சுமையோ ஒரு அம்பியர்கூடக் குறையாது.

வெள்ளவத்தையிலிருந்து:
இரவு எட்டு மணிக்கு வந்து அளக்குமாறு மின்சார அலுவலகத்தை எழுத்தில் கேட்டேன். பகலில் அளந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும் என்று தெஹிவளை ஐயா தொலைபேசியில் எச்சரித்திருந்தார். கிளாம்ப் மீற்றரில் எங்கள் பக்கக் கம்பிகளின் மூன்று பேஸ்களிலும் 164, 71, 58 அம்பியர் இருந்தன. பியூஸோ 100 அம்பியர். ட்ரான்ஸ்போமர் முனையில் 225 வோல்ட், ஒரு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அம்மா வீட்டில் 171. மரவேலைப் பட்டறைக்குப் பின்னால் புதிதாக வந்த வீடுகள் எல்லாம், கைக்கு எட்டிய கம்பி என்பதால், அந்த ஒரே பேஸில் இணைக்கப்பட்டிருந்தன. பத்துக்கும் மேற்பட்ட வீடுகளை மற்ற இரண்டு பேஸ்களுக்கும் மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு பியூஸ் போகவில்லை. அம்மா வீட்டில் இப்போது இரவில் 204 வோல்ட் வருகிறது.

தெஹிவளையிலிருந்து:
நல்லது, ஆனாலும் 204 என்பது 216 என்ற கீழெல்லைக்குக் குறைவு. மூன்றையும் கூட்டிப் பங்கிட்டால் ஒரு பேஸுக்கு ஏறத்தாழ 98 அம்பியர் வருகிறது. 100 அம்பியர் பியூஸ் அதைத் தாங்கும். மறுபக்கக் கம்பிகளில் எவ்வளவு போகிறது? ட்ரான்ஸ்போமர் 100 கேவிஏ என்றால் அதன் அளவு ஒரு பேஸுக்கு 144 அம்பியர்தான்.

வெள்ளவத்தையிலிருந்து:
மறுபக்கம் ஐம்பது அம்பியர் அளவில் என்றார்கள். ட்ரான்ஸ்போமர் 100 கேவிஏதான்.

தெஹிவளையிலிருந்து:
அப்படியானால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பேஸுக்கு 148 அம்பியர், 144ஐத் தாண்டிவிட்டது. பியூஸ் மௌனமாக இருப்பதை வைத்து ட்ரான்ஸ்போமர் சுகமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அதே இடத்தில் 160 கேவிஏ வைத்தாலும் அம்மா வீட்டு வோல்டேஜ் பெரிதாக உயராது, ஏனெனில் அங்கே இழப்பு கம்பியின் நீளத்தில் இருக்கிறது. ஊரின் நடுவில், பட்டறைக்கு அருகே, இரண்டாவது ட்ரான்ஸ்போமர் ஒன்றைக் கேளுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
கேட்டிருக்கிறோம். கம்பம் நடுவதற்கு யாருடைய காணியில் இடம் தருவது என்பதில் ஊரார் இன்னும் உடன்படவில்லை.