முதல் மெயிலில் 'டியர் சார்' போடவா, 'ஹாய்' போடவா?

பாளையங்கோட்டை, இப்போது லீட்ஸ்

இங்கிலாந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. பம்பு உதிரிபாகம் வாங்கும் பிரிவில் வேலை. நாளைக் காலையில் வேறொரு கம்பெனியில் முன்பின் தெரியாத ஒருவருக்கு விலை கேட்டு எழுத வேண்டும். அவர்கள் வெப்சைட்டில் சாம் டெய்லர் என்று பெயர் மட்டும் இருக்கிறது, படம் இல்லை. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ஊரில் 'ரெஸ்பெக்டட் சார்' போட்டே பழகிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் எல்லாருக்கும் 'ஹாய்' போடுகிறார். எனக்கு அது ரத வீதிக் கடைக்காரரை 'ஏலே' என்று கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

தென்காசி, இப்போது துபாய்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? 'டியர் சார் ஆர் மேடம்', கடைசியில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். மரியாதை கூடிப்போனால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

அம்பாசமுத்திரம், இப்போது பர்மிங்காம்

தென்காசிக்காரர் சொன்ன ஜோடி சரிதான். ஆனால் பெயர் தெரியாதபோதுதான் அந்த ஜோடி. பெயர் தெரிந்தால் 'டியர் மிஸ் டெய்லர்', கீழே 'யுவர்ஸ் சின்சியர்லி' என்பது பழைய கடித வழக்கம். மெயிலில் இரண்டுமே குறைந்துபோய் இப்போது 'கைண்ட் ரிகார்ட்ஸ்' போதும்.

தம்பி, நம்ம ஊரில் பெயர் தெரியாத ஆளையும் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் மரியாதையும் ஆச்சு, நெருக்கமும் ஆச்சு. 'சார்' என்பதையும் நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். இங்கே 'டியர் சார்' என்று வந்தால், "என் பெயரைக்கூடப் பார்க்காமல் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறான்" என்றுதான் படும். மரியாதை கூடவில்லை, தூரம்தான் கூடுகிறது. 'ரெஸ்பெக்டட்' இங்கே வழக்கத்திலேயே இல்லை. வாங்கும் வேலையில் பல வருஷம் இருக்கிறேன், 'டியர் சார்' என்று வருவதைக் கடைசியில்தான் திறப்பேன். அது என் கெட்ட பழக்கம், விடுங்கள்.

உங்கள் ஆளுக்கு 'டியர் சாம் டெய்லர்' என்று முழுப் பெயரையும் போடுங்கள். மிஸ்டரா மிஸ்ஸா என்ற கேள்வியே எழாது. 'டியர் மிஸ்டர் சாம்' மட்டும் வேண்டாம். மிஸ்டரோடு குடும்பப் பெயர்தான் சேரும், இவரோ பெண்ணாகவும் இருக்கலாம். அப்புறம், முதல் வரியிலேயே யார், எந்தக் கம்பெனி, எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். 'ஹோப் யூ ஆர் டூயிங் வெல்' என்று நலம் விசாரிப்பதெல்லாம் முன்பின் தெரியாதவருக்குத் தேவையில்லை.

பதில் வந்ததும் மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். வெறும் 'சாம்' என்று முடித்திருந்தால் அடுத்த மெயிலில் 'ஹாய் சாம்' போடலாம். முழுப் பெயரும் பதவியும் போட்டு முடித்திருந்தால் இன்னும் ஒரு சுற்று 'டியர்' இருக்கட்டும். உங்கள் மெயிலுக்குக் கீழேயும் எந்தப் பெயரால் கூப்பிட வேண்டுமோ அதை மட்டும் போடுங்கள்.

சங்கரன்கோவில், இப்போது ஸ்டுட்கார்ட்

என் கதையைக் கேளுங்கள். இங்கே வாடகை வீட்டு ஓனருக்கு முதல் மெயிலில் பேரைச் சொல்லி 'ஹலோ' போட்டேன். பதிலில் 'ஃப்ராவ்' என்று என் குடும்பப் பெயரைப் போட்டு எழுதினார், ஒரே குளிர். ஜெர்மனில் தெரியாதவருக்கு 'ஹெர்' அல்லது 'ஃப்ராவ்', கூடவே குடும்பப் பெயர். அதனால் எல்லாரும் முறைப்படியே எழுதுங்கள்.

அம்பாசமுத்திரம், இப்போது பர்மிங்காம்

ஜெர்மனிக்கு நீங்கள் சொல்வது சரிம்மா. தம்பி கேட்டது இங்கிலாந்துக்கு.

தென்காசி, இப்போது துபாய்

அண்ணாச்சி, அப்போ முதல் மெயிலிலேயே 'ஹாய்' போட்டால் தப்பா, இல்லையா? அதைச் சொல்லவில்லையே.

அம்பாசமுத்திரம், இப்போது பர்மிங்காம்

தப்பில்லை. எனக்கு நாளும் வருகிறது, விளம்பரக் கம்பெனி, சாஃப்ட்வேர் ஆட்கள் எல்லாம் அப்படித்தான். வக்கீல் ஆபீசுக்கு நான் போட மாட்டேன். பம்பு விற்கிறவருக்கு? என் பையன் போடுவான், நான் போட மாட்டேன்.

பாளையங்கோட்டை, இப்போது லீட்ஸ்

அனுப்பிவிட்டேன். 'டியர் சாம் டெய்லர்' என்று தொடங்கி, எந்த மாடல், இருபது எண்ணம், எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி. மத்தியானமே விலையோடு பதில். கீழே 'தேங்க்ஸ், சாம்'. ஆணா பெண்ணா என்று இன்னமும் தெரியாது, தேவையும் படவில்லை.

ஆனால் மேலே 'ஹாய் இசக்கி' என்றிருக்கிறது! இசக்கி என் அப்பா. இனிஷியலை விரித்து இசக்கி முத்துராஜ் என்று கம்பெனியில் பதிந்திருக்கிறார்கள், நானும் கீழே அப்படியே போட்டுவிட்டேன். ஊரில் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது.

அம்பாசமுத்திரம், இப்போது பர்மிங்காம்

படித்துப் படித்துச் சொன்னேனே! திருத்தி ஒரு மெயில் போடவேண்டாம், அவருக்குச் சங்கடம். அடுத்த மெயிலை 'ஹாய் சாம்' என்று தொடங்கி, கீழே 'முத்து' என்று மட்டும் முடியுங்கள். பெரும்பாலும் அதைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். இரண்டாவது தடவையும் இசக்கி வந்தால், கடைசி வரியில் 'என்னை முத்து என்று கூப்பிடலாம்' என்று எழுதிவிடுங்கள்.

பாளையங்கோட்டை, இப்போது லீட்ஸ்

சரி அண்ணாச்சி. மெயிலில் தெரியும் பெயரையும் மாற்றச் சொல்லி ஐடியில் கேட்டேன். பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் வரும் என்கிறார்கள். யாராவது இதை மாற்றிய ஆள் இருக்கிறீர்களா?