கணக்கு மூடப்படுமா, மூடப்படலாமா? விதிமுறைகளை எளிய தமிழாக்கியவர்களின் அனுபவங்கள்

மண்டபம் மொழிபெயர்ப்பாளர்:

மீனை ஏலத்தில் விற்க உதவும் செயலி ஒன்றின் பயன்பாட்டு விதிமுறைகளைச் சரிபார்க்கும் வேலை சில மாதங்களுக்கு முன் எனக்கு வந்தது. வேறொருவர் செய்திருந்த தமிழாக்கம் எளிமையாகவும் பிழையின்றியும் இருந்தது. ஆனால், கணக்கு மூடுவது பற்றிய பிரிவில் மட்டும் யார் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பதே மாறிப்போயிருந்தது.

அப்பிரிவின் ஆங்கில மூலம் சொல்வது இதுதான்: பயனர் தொடர்ந்து 60 நாட்கள் கணக்கைப் பயன்படுத்தாவிட்டால் அதை மூடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு, மூடினால், மூடிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மீதிப் பணத்தை நிறுவனம் திருப்பித் தர வேண்டும், சட்டப்படி நிறுத்திவைக்க வேண்டிய தொகைக்கு மட்டும் இது பொருந்தாது. தமிழில் இருந்தது: “60 நாட்கள் பயன்படுத்தாத கணக்குகள் மூடப்படும். மீதித் தொகை 30 நாட்களில் திருப்பித் தரப்படும்.”

கேட்பதற்கு இதமாக இருக்கும் இந்த இரண்டு வாக்கியங்களில், நிறுவனத்தின் விருப்பமாக இருந்தது கட்டாய நிகழ்வாக மாறியிருக்கிறது. “தொடர்ந்து” என்பது விடுபட்டதால், ஆண்டு முழுவதும் விட்டுவிட்டு வந்த நாட்களைக் கூட்டிக் கணக்கிடலாம் என்றும் வாதிட இடம் வந்துவிட்டது. பணத்தைத் தர வேண்டியவர் யார், 30 நாட்கள் எந்த நாளிலிருந்து தொடங்குகின்றன என்பவை இல்லை; விதிவிலக்கும் இல்லை. நீண்ட வாக்கியத்தை உடைக்கும்போது கடைசியில் தொங்கும் நிபந்தனைதான் பெரும்பாலும் முதலில் விழுந்துவிடுகிறது.

நம் கடற்கரையில் இது வெறும் இலக்கணச் சிக்கல் அன்று. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள். ஏப்ரல் 14 அன்று கடைசியாக மீன் விற்ற ஒருவர், தடை முடியும் நாளுக்குள் 60 நாள் எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

நான் தமிழைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போட்டு, யார், யாருக்கு, என்ன செய்ய வேண்டும் அல்லது செய்யலாம், எந்த நிபந்தனையில், எந்த நாளிலிருந்து எத்தனை நாட்களுக்குள், எது நீங்கலாக என்று ஆங்கில மூலத்திலிருந்து நிரப்புவேன். தமிழாக்கம் முடிந்த பிறகு, ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழை மட்டும் படித்து அதே கட்டத்தை நிரப்புவார். இரண்டு தாள்களும் பொருந்தாத இடத்தில் கடமை மாறியிருக்கிறது என்று பொருள். இப்படித் திருத்தியபோது அப்பிரிவு பின்வருமாறு அமைந்தது:

“உங்கள் கணக்கை நீங்கள் தொடர்ந்து 60 நாட்கள் பயன்படுத்தாவிட்டால், அதை மூடும் உரிமை எங்களுக்கு உண்டு. நாங்கள் மூடினால், மூடிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கணக்கில் உள்ள மீதிப் பணத்தை உங்களுக்கு நாங்கள் திருப்பித் தர வேண்டும். சட்டப்படி நிறுத்திவைக்க வேண்டிய தொகை இருந்தால், அந்தத் தொகைக்கு மட்டும் இந்த 30 நாள் கெடு பொருந்தாது.”

பாம்பனில் ஒரு படகு உரிமையாளரிடம் முதலில் பழைய வடிவத்தைப் படித்துக் காட்டி, “ஜூன் 15 அன்று உங்கள் கணக்கு இருக்குமா?” என்று கேட்டேன். “இருக்காது” என்றார். புதிய வடிவத்தைக் கேட்ட பிறகு, “இருக்கும், இருக்காது என்று சொல்ல முடியாது, அது அவர்கள் இஷ்டம்” என்றார். மூலம் சொல்வதும் அதைத்தான். அவர் விடவில்லை. “மீதிப் பணம் எவ்வளவு என்று திறந்து பார்த்தால் அது பயன்படுத்தியதாகுமா?” என்று கேட்டார். மூலத்தில் அதற்கு விடையில்லை. தமிழில் நானாக ஒரு விடையை எழுதுவது எனக்கு உரிமையில்லாத செயல் என்பதால் நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் ஆங்கிலத்திலேயே “செயலியைத் திறப்பதும் பயன்பாடே” என்று சேர்த்தார்கள், அதன் பிறகே தமிழிலும் சேர்ந்தது. தடைக்காலத்தைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை.

தங்கச்சிமடம் கணினி மையம்:

இவ்வளவு பாடு தேவையா என்று தோன்றுகிறது. “இரு மொழிகளுக்கும் வேறுபாடு இருந்தால் ஆங்கில வடிவமே செல்லும்” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் தமிழில் எவ்வளவு எளிமையாக வேண்டுமானாலும் எழுதலாமே. நான் பார்த்த தமிழ்ப் பக்கங்கள் பலவற்றில் அந்த வரி இருக்கிறது.

இராமநாதபுரம் வழக்குரைஞர்:

தம்பி சொல்வதில் பாதி சரி. அந்த வரி, ஒப்பந்தத்தின் இரு வடிவங்களில் எதைப் பார்ப்பது என்பதற்கு உதவும். ஆனால் தனியுரிமைக் கொள்கையின் அடிப்படையில் ஒப்புதல் வாங்கும்போது நிலைமை வேறு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கேட்கும் கோரிக்கை தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும். அதை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தமிழும் அந்த அட்டவணையில் உண்டு. விவரம் அறிந்து தரப்பட்டதாக இருந்தால்தான் அது ஒப்புதல். தமிழை மட்டும் படித்தவருக்குத் தமிழில் தவறான செய்தியைக் கொடுத்துவிட்டு, “ஆங்கிலத்தில் சரியாக இருந்தது” என்று சொன்னால், அவர் விவரம் அறிந்துதான் சம்மதித்தாரா என்ற கேள்வி எழும். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. எனவே நீதிமன்றங்கள் இதை எப்படி அணுகும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன்.

தொண்டி படகு உரிமையாளர்:

எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. போன வருடம் ஒரு கடன் செயலியில் “ஒப்புக்கொள்கிறேன்” என்பதை அழுத்திவிட்டேன். தவணை தாமதமானதும் என் மச்சானுக்கும் சங்கத் தலைவருக்கும் போன் போட்டுத் திட்டினார்கள். அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டால் என் கணக்கை முழுவதும் அழித்துவிடுவார்களா?

இராமநாதபுரம் வழக்குரைஞர்:

நாம் பேசுவது மொழிபெயர்ப்பைப் பற்றி என்றாலும் உங்கள் கேள்வி அதைத் தொடவே செய்கிறது அண்ணன். கடன் செயலிகள் கைபேசியின் தொடர்பு எண் பட்டியலை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைக் காட்டிப் புகார் செய்யுங்கள். புதிய சட்டத்தில், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அதைக் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் திரும்பப் பெற்றால் கடன் தீராது. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகளும் அழியா. “ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் உங்கள் தகவல்கள் அனைத்தும் அழிக்கப்படும்” என்று எழுதிய ஒரு தமிழாக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். மூலத்தில் இருந்த “சட்டம் வைத்திருக்கச் சொல்பவை நீங்கலாக” என்ற பகுதியை எளிமைக்காக விட்டுவிட்டார்கள். படித்தவர் அதை நம்பித்தானே நடப்பார்?

சின்னப்பாலம் மகளிர் குழுவுடன் வேலை செய்பவர்:

கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு ஒரு பணப் பரிமாற்றச் செயலியின் தனியுரிமைக் கொள்கையை வாசித்துக் காட்டினேன். “உங்கள் தகவலை நமது கூட்டாளிகளுடன் பகிர்ந்துகொள்வோம்” என்று அதில் இருந்தது. கேட்ட ஒரு அக்கா, “நம்ம குழுவுக்குள்ளதானே, பரவாயில்லை” என்றார். “நமது” என்றதால் தம் குழுவும் அதில் அடக்கம் என்று நினைத்துவிட்டார். மூலத்தில் இருந்ததோ நிறுவனத்தின் வணிகக் கூட்டாளிகள். “எங்கள் நிறுவனத்துடன் வணிகம் செய்யும் வேறு நிறுவனங்களுக்கு” என்று மாற்றி வாசித்ததும் அவரே, “எந்த நிறுவனங்கள்?” என்று கேட்டார்.

மண்டபம் மொழிபெயர்ப்பாளர்:

அந்தக் கேள்விக்கான இடத்தை மூலம் திறந்து வைத்திருந்தால் தமிழிலும் திறந்தே வைக்க வேண்டும். எனக்கு இன்னும் பிடிபடாதது “நியாயமான பாதுகாப்பு நடவடிக்கைகள்” என்ற இடம்தான். “தகுந்த” என்று எழுதினால் இன்னும் எளிதாகப் புரிகிறது. ஆனால் நிறுவனத்தின் கடமை அதனால் சற்று மாறுவதாக எனக்குப் படுகிறது. வழக்குரைஞர் ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

இராமநாதபுரம் வழக்குரைஞர்:

“நியாயமான” என்பதையே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. சட்டத்திலும் அதே அளவுகோல்தான் இருக்கிறது. கடவுச்சொல், குறியாக்கம் என்று எடுத்துக்காட்டுகளை நீங்களாகச் சேர்த்தால், அவை மட்டும்தான் கடமை என்று நாளை ஒருவர் வாதிடலாம். எடுத்துக்காட்டு தேவை என்று தோன்றினால், முன்பு செய்தது போலவே, அதை முதலில் ஆங்கில மூலத்தில் சேர்க்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள்.