டைக்ளோசியாவுக்கு எந்தச் சொல்?

தாம்பரம் ஆசிரியை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிற மாநிலங்களிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர்களுக்குத் தமிழ் சொல்லித்தரும் எங்கள் மாலை வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே மொழியில் எழுத்துக்கு ஒரு வடிவமும் பேச்சுக்கு வேறொரு வடிவமும் வழங்கும் நிலையைக் குறிப்பது ‘டைக்ளோசியா’; மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசனின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையால் பரவிய இந்தக் கருத்தை முதல் பாடத்திலேயே விளக்கியாக வேண்டும். ‘கண்ணாடி உடைந்தது’ என்று படித்த மாணவர், வீட்டுக்காரர் ‘கண்ணாடி ஒடஞ்சுது’ என்றதும் திகைத்து, தாம் படித்தது வேறு மொழியா என்று கேட்கிறார். ‘இரட்டை வழக்கு’, ‘இருவழக்கு’ ஆகியவற்றில் எதை வைக்கலாம்?

மயிலாப்பூர் புலவர் எழுதியது:

இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. ‘வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்’ என்று தொல்காப்பியப் பாயிரம் வழக்கைச் செய்யுளுக்கு எதிரில் நிறுத்துகிறது. அவ்வாறிருக்க, ஏட்டு வடிவத்தையும் வழக்கு என்று அழைத்து இரண்டு வழக்குகள் என எண்ணுவது எப்படிப் பொருந்தும்? அகத்திணையியல் ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்’ என்று சொல்வதைச் சிலர் துணைக்கு அழைக்கலாம். அங்கே பேசப்படுவது பாடற்பொருளே தவிரச் சொல்வடிவம் அன்று. இரண்டு உருவம் உடைமை என்ற பொருளில் ‘ஈருருமை’ என்று புதிதாக ஆக்கலாம்.

பெரம்பூர் அன்பர் எழுதியது:

செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற பழைய இணை இருக்கும்போது புதுச் சொல் எதற்கு? பேச்சு என்பது எழுத்துத் தமிழ் சிதைந்த வடிவந்தான். வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இலேயே தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது.

வேளச்சேரி அன்பர் எழுதியது:

ஆங்கிலம் கலந்து பேசுவதைத்தானே கேட்கிறீர்கள்? அதற்குக் ‘கலப்பு மொழி’ போதும். பெங்களூரில் வளரும் என் பேத்தி வீட்டில் சரளமாகப் பேசுவாள். எழுதச் சொன்னால் துடைப்பத்தைத் ‘தொடைப்பம்’ என்று எழுதுகிறாள். இதற்கும் ஏதேனும் வழி சொல்லுங்கள்.

அடையாறு மொழியியல் மாணவர் எழுதியது:

வேளச்சேரி ஐயா, கேள்வி கலப்பைப் பற்றியது அன்று. ஆனால் உங்கள் பேத்தியின் பிழைதான் இந்தக் கேள்வியின் மையம். ‘உடைந்தது’ எப்படி ‘ஒடஞ்சுது’ ஆகிறது என்று பாருங்கள். சொல்லின் முதலில் இருக்கும் இகர உகரத்தை அடுத்து ஒற்றை மெய் வந்து, அதன்மேல் அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால், பேச்சில் அவை எகர ஒகரமாகின்றன: இலை ‘எல’ ஆகிறது, குடை ‘கொட’ ஆகிறது. இடையில் ஒற்று வந்தால் மாற்றம் இல்லை; ‘சின்ன’ சின்னவாகவே நிற்கிறது. அடுத்து, வினைச்சொற்களில் இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின் வரும் ‘த்த’, ‘ந்த’ ஆகியவை ‘ச்ச’, ‘ஞ்ச’ ஆகின்றன. ஆகவே ‘படித்தான்’ படிச்சான் ஆகிறான், ‘படுத்தான்’ படுத்தானாகவே இருக்கிறான். ‘ஒடஞ்சுது’ என்பதில் ஐகாரம் மறைந்தே போயிற்று. அது இருந்ததற்குச் சாட்சியாக ‘ஞ்ச’ நிற்கிறது. இவ்வளவு ஒழுங்கான ஒன்றைச் சிதைவு என்று நான் ஒப்பமாட்டேன். பெரம்பூர் ஐயா சொல்வதில் ஒரு பாதி சரி: இந்த மாற்றங்களுக்கு முந்தைய வடிவத்தை, நன்னூல் வழிவந்த இலக்கணக் கல்வி எழுத்தில் நிலைநிறுத்தி வைத்தது, பேச்சு தன் போக்கில் நகர்ந்தது. ஆனால் வீரமாமுனிவர் கொடுந்தமிழ் என்று காட்டும் வடிவங்கள் பெரும்பாலும் நம் இன்றைய எழுத்துத் தமிழை ஒட்டியவை; அந்தப் பெயரை இன்றைய பேச்சுக்குச் சூட்டினால் மாணவர் குழம்புவார்.

கற்பவருக்கு முக்கியமானது திசை. எழுத்திலிருந்து பேச்சுக்குப் போக இந்த விதிகள் பெரிதும் கைகொடுக்கும். பேச்சிலிருந்து எழுத்துக்குத் திரும்ப அவை போதா. ‘தொட’ என்று காதில் விழுவது தொடையா, துடையா என்பதை ஒலி மட்டும் சொல்லாது. பேத்திக்கு அந்தச் சொற்களை எழுத்து வடிவிலேயே பழக்க வேண்டும்.

பெரம்பூர் அன்பர் எழுதியது:

விதி இருப்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த விதி சென்னைக்காரருக்கா, நெல்லைக்காரருக்கா, யாழ்ப்பாணத்தாருக்கா? பேச்சுப் பக்கத்தில் ஒரே வழக்கா இருக்கிறது, ‘இரட்டை’ என்று சொல்ல?

தாம்பரம் ஆசிரியை எழுதியது:

நியாயமான கேள்விதான். எங்கள் கையேடு சென்னைப் பேச்சை மட்டுமே எடுத்துக்கொள்கிறது என்று முன்னுரையில் எழுதிவிடுகிறேன். தனியாக மடல் எழுதிய நால்வரில் மூவர் ‘இரட்டை வழக்கு’ போதும் என்கிறார்கள். ‘இருவழக்கு’ என்றால் நீதிமன்ற வழக்காகப் படிக்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதையே வைக்கிறேன். ‘உடைந்தது – ஒடஞ்சுது’ முதல் பயிற்சியாக வருகிறது.

மயிலாப்பூர் புலவர் எழுதியது:

நீதிமன்றக் குழப்பம் ‘இரட்டை வழக்கு’ என்பதிலும் அப்படியே இருக்கிறதே, அம்மா. என் மறுப்பை அடிக்குறிப்பிலாவது சேருங்கள். பாயிரத்தின் அடியையும் அதனுடன் தர வேண்டுகிறேன்.