சோலார் போட்டவருக்கு புகார் லெட்டர், கொஞ்சம் பாத்து சொல்லுங்க

ஈரோட்ல மளிகைக்கடை வச்சிருக்கேன், மாடில 500 வாட் பேனல் பத்து, 5 கிலோவாட். கொட்டேஷன்லயே தினம் 25 யூனிட் வரும்னு எழுதிக் கொடுத்தாரு. இங்க கிலோவாட்டுக்கு 4 யூனிட் வந்தாலே ஜாஸ்தின்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, அது என் தப்பு. ஆனா அந்த 20ம் வரல. கேட்டா மேகம், தூசிங்கிறாரு. பேனல வாரம் ஒரு தடவ நானே கழுவுறேன்.

இன்வெர்ட்டர் ஆப்ல இருந்து டேட்டா எடுத்து லெட்டர் இப்படி எழுதிருக்கேன்:

"பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை 89 நாளில் 1335 யூனிட், அதாவது தினம் 15. நீங்கள் சொன்ன கணக்குப்படி 2225 வந்திருக்க வேண்டும். ஒரே கூரை, ஒரே திசை, ஐந்தைந்து பேனலாக இரண்டு ஸ்ட்ரிங். மதியம் 12 மணிக்கு PV1 210 வோல்ட், PV2 126 வோல்ட் மட்டுமே, ஆம்பியர் இரண்டிலும் ஏறக்குறைய சமம். மேகம் என்றால் இரண்டும் சேர்ந்துதானே குறையும்? PV2வில் இரண்டு பேனல் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன். 15 நாளில் ஒவ்வொரு பேனலாக வோல்டேஜ் அளந்து சரிசெய்து தரவும்."

பைபாஸ் டயோடு போயிருக்குமா, இல்ல மாட்டும்போதே மூணு பேனல்தான் இணைச்சாங்களா? அத லெட்டர்ல சொல்லணுமா? அப்புறம் கரன்ட் கனெக்ஷன் கமர்ஷியல், நுகர்வோர் கோர்ட்ல என்னை நுகர்வோர்னு எடுத்துப்பாங்களா, பிழைப்பே இந்த கடைதான்னு ஒரு வரி சேக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.